அளவுப் போட்டியா, விலைப் போட்டியா: நுகர்வோர் உபரியையும் மொத்த நலனையும் படிப்படியாகக் கணக்கிடுவது எப்படி

ஒரு சந்தையில் இரண்டே நிறுவனங்கள். இரண்டும் விற்பது ஒரே வகைப் பொருள்தான், ஆனால் அச்சு அசலாக ஒன்றல்ல. ஒன்று விலை ஏற்றினால் வாங்குபவர்களில் சிலர் மற்றதற்கு மாறுவார்கள், எல்லோரும் மாற மாட்டார்கள். இவர்கள் "எவ்வளவு உற்பத்தி செய்வது" என்று முடிவெடுத்துவிட்டு விலையைச் சந்தையிடம் விட்டால் அது அளவுப் போட்டி. 1838-இல் கூர்னோ எழுதியது. விலையை அறிவித்துவிட்டு, கேட்கும் அளவை உற்பத்தி செய்தால் அது விலைப் போட்டி; 1883-இல் பெர்ட்ராண்ட், கூர்னோவை விமர்சித்து முன்வைத்தது.

வாங்குபவர்களும் அவர்களே, செலவும் அதே. மாறுவது எதை முடிவெடுக்கிறார்கள் என்பது மட்டும். அதனால் வாங்குபவருக்கும் சந்தை மொத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதை ஒரே ஒரு எண் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். பேனாவும் தாளும் போதும்.

படி 1: தேவையை எழுதுதல்

```
p1 = 100 - q1 - 0.5*q2
p2 = 100 - q2 - 0.5*q1
```

ஒரு அலகு உற்பத்தி செய்ய ஆகும் செலவு இருவருக்கும் 10. நிலைச் செலவு இப்போதைக்கு இல்லை. இங்கே 0.5 என்ற எண்தான் பொருட்கள் எவ்வளவு நெருக்கமானவை என்று சொல்கிறது. அதை `g` என்று குறிப்போம். `g = 0` என்றால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. `g = 1` என்றால் இரண்டும் ஒரே பொருள்.

இந்தக் கோடுகள் வெறுமனே எழுதியவை அல்ல. வாங்குபவரின் பயன்பாடு `100*(q1+q2) - (q1² + q2² + 2*g*q1*q2)/2`, அதோடு கையில் மிஞ்சும் பணம் என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து இவை கிடைக்கும். இதை நினைவில் வையுங்கள், படி 4-இல் இது இல்லாமல் நகர முடியாது.

படி 2: அளவுப் போட்டியின் சமநிலை

முதல் நிறுவனத்தின் லாபம் `(90 - q1 - 0.5*q2)*q1`. எதிராளியின் அளவு `q2` மாறாது என்று கொண்டு `q1`-ஐப் பொறுத்து வகையிட்டால்:

```
90 - 2*q1 - 0.5*q2 = 0
```

இருவரும் ஒரே மாதிரி என்பதால் இப்போது `q1 = q2 = q` என்று போடலாம். `2.5*q = 90`, ஆக `q = 36`. விலை `100 - 36 - 18 = 46`.

வரிசை முக்கியம். வகையிடுவதற்கு முன்பே `q1 = q2` என்று போட்டுவிட்டால் `q = 30`, விலை 55 என்று வரும். இருவரும் கூட்டுச் சேர்ந்து ஒரே முதலாளி போல நடந்தால் வரும் விடை அது, போட்டியின் விடை அல்ல. உங்கள் தாளில் 30 வந்திருந்தால் தவறு இங்கேதான்.

படி 3: விலைப் போட்டியின் சமநிலை

இங்கே விலைதான் கையில் இருக்கும் கருவி. எனவே முதலில் இரண்டு தேவைச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்து, அளவை விலைகளின் வழியே எழுத வேண்டும்:

```
q1 = (50 - p1 + 0.5*p2) / 0.75
```

லாபம் `(p1 - 10)*q1`. `p2` மாறாது என்று கொண்டு வகையிட்டால் `60 - 2*p1 + 0.5*p2 = 0`. சமச்சீரில் `1.5*p = 60`, விலை 40. அளவு `(50 - 20)/0.75 = 40`.

விலை 46-இலிருந்து 40-க்கு இறங்கிவிட்டது. ஏன்? அளவுப் போட்டியின் சமநிலைப் புள்ளியிலேயே நின்று பாருங்கள். விலை 46, விற்பனை 36, லாபம் `36*36 = 1296`. இப்போது முதல் நிறுவனம் விலையை ஒரு அலகு குறைக்க நினைக்கிறது. எதிராளி தன் *அளவை* மாற்றமாட்டான் என்று நம்பினால் அதன் விற்பனை 37 ஆகும், லாபம் `35*37 = 1295`. நட்டம்தான், குறைக்காது. எதிராளி தன் *விலையை* மாற்றமாட்டான் என்று நம்பினால் விற்பனை 36 + 1/0.75, அதாவது 37.33 ஆகும், லாபம் சுமார் 1306.7. குறைத்தால் ஆதாயம்.

முதல் வழக்கில், எதிராளி தன் 36 அலகையும் விற்றே தீருவதற்காகத் தானும் விலையை இறக்குவான். அவனிடமிருந்து வாடிக்கையாளரை இழுக்க முடியாது. இரண்டாவது வழக்கில் அவன் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் அவனுடைய வாடிக்கையாளர் சிலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். அந்தக் கூடுதல் 0.33 அலகுதான் இரண்டு போட்டிகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும்.

படி 4: நுகர்வோர் உபரி. அதிகம் தவறு நடக்கும் இடம்

உபரி என்பது பயன்பாட்டிலிருந்து செலவழித்த பணத்தைக் கழித்தது. படி 1-இல் உள்ள பயன்பாட்டில் `q1 = q2 = q` என்று போட்டு `2*p*q`-வைக் கழித்தால் அழகாகச் சுருங்கும்:

```
CS = (1 + g)*q²
```

அளவுப் போட்டியில் `1.5*36² = 1944`. விலைப் போட்டியில் `1.5*40² = 2400`.

ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு பொருளுக்கு முக்கோணம் வரைந்து பழகியவர்கள் இங்கும் அதையே செய்வார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் தேவைக் கோட்டுக்கும் ஒரு முக்கோணம் வரைந்து, இரண்டையும் கூட்டுவார்கள். என்ன ஆகிறது என்று பாருங்கள்.

அளவுப் போட்டியில் எதிராளியின் 36-ஐ நிலையாக வைத்தால் கோடு 82-இல் தொடங்கும். முக்கோணம் `(82 - 46)*36/2 = 648`, இரண்டும் சேர்ந்து 1296. விலைப் போட்டியில் எதிராளியின் விலை 40-ஐ நிலையாக வைத்தால் கோடு 70-இல் தொடங்கும். முக்கோணம் `(70 - 40)*40/2 = 600`, இரண்டும் சேர்ந்து 1200. ஆக, விலை குறைந்த சந்தையில் நுகர்வோர் உபரியும் குறைவு என்ற விடை! எண் மட்டும் தவறவில்லை, முடிவே தலைகீழாகிவிட்டது. இரண்டு பொருளின் விலையும் இறங்கிய பிறகு வாங்குபவர் நட்டப்படுகிறார் என்று உங்கள் கணக்கு சொன்னால், உடனே முக்கோணங்களைச் சந்தேகியுங்கள்.

பிழையின் காரணம் இது. 600 என்பது அர்த்தமுள்ள எண்தான்: இரண்டாம் பொருள் 40-க்கு ஏற்கெனவே கிடைக்கும்போது, முதல் பொருளும் வந்து சேர்வதால் வரும் *கூடுதல்* ஆதாயம். அப்படியானால் இரண்டாம் பொருள் தனியாக இருந்தபோது கிடைத்த உபரி எங்கே? அது தனியாக இருந்தால் 40 விலையில் 60 அலகு வாங்குவார்கள், முக்கோணம் `(100 - 40)*60/2 = 1800`. அதன் மேல் 600 சேர்ந்தால் 2400. சூத்திரம் தந்த அதே விடை. ஒவ்வொன்றாகப் பொருளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டுக்கும் "கடைசியாக வந்தது" என்ற முக்கோணத்தையே போட்டால் முதல் பொருளின் பெரிய பங்கு கணக்கில் வராமலே போகும்.

முக்கோணம்தான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. இரண்டு விலையும் சேர்ந்தே 100-இலிருந்து இறங்குவதாகக் கொண்டு, `(100 - 40)*40/2 = 1200` என்று பொருளுக்கு ஒன்றாக வரையுங்கள், கூட்டினால் 2400. இது சமச்சீர் நிலைக்கு மட்டும் பொருந்தும்.

படி 5: மொத்த நலன்

நிறுவனங்களின் லாபத்தைக் கூட்டினால் முடிந்தது.

| | அளவுப் போட்டி | விலைப் போட்டி |
|---|---|---|
| விலை | 46 | 40 |
| ஒவ்வொருவரின் அளவு | 36 | 40 |
| நுகர்வோர் உபரி | 1944 | 2400 |
| இருவரின் லாபம் | 2592 | 2400 |
| மொத்த நலன் | 4536 | 4800 |

விலைப் போட்டியில் வாங்குபவர் 456 கூடுதலாகப் பெறுகிறார். அதில் 192 நிறுவனங்களின் பையிலிருந்து கைமாறியது. மீதி 264 யாரிடமும் இல்லாமல் இருந்து புதிதாக வந்தது. முன்பு விற்காமல் போன 8 அலகுகளின் பலன் அது. "நுகர்வோர் உபரி கூடியது" என்பதை மட்டும் எழுதி நிறுத்தினால் இந்தப் பிரிவு தெரியாது. விலை செலவுக்குச் சமமாக 10 என்று இருந்தால் மொத்த நலன் 5400. அதோடு ஒப்பிட்டால் அளவுப் போட்டியில் இழப்பு 864, விலைப் போட்டியில் 600.

படி 6: `g`-ஐ மாற்றிப் பார்த்தல்

```python
a, c, g = 100, 10, 0.5
qC = (a - c) / (2 + g)
qB = (a - c) / ((1 + g) * (2 - g))
for q in (qC, qB):
    p = a - (1 + g) * q
    CS = (1 + g) * q**2
    PS = 2 * (p - c) * q
    print(p, q, CS, PS, CS + PS)
```

`g = 0.8` என்று போட்டால் விலை 42.1-க்கு எதிராக 25. நுகர்வோர் உபரி சுமார் 1860-க்கு எதிராக 3125. பொருட்கள் நெருங்க நெருங்க இடைவெளி விரியும். `g = 0` என்றால் இரண்டு போட்டியும் ஒன்றே. ஒரு எச்சரிக்கை: 0.5-இன் மொத்த நலனையும் 0.8-இன் மொத்த நலனையும் நேராக ஒப்பிடாதீர்கள். `g` கூடும்போது வாங்குபவரின் பயன்பாடே சுருங்குகிறது, அதை நிறுவனங்களின் குற்றமாகப் படித்துவிடக் கூடாது. ஒவ்வொரு `g`-க்கும் அதன் உச்ச நலனில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று பாருங்கள்: 0.5-இல் 84-உம் 88.9-உம், 0.8-இல் 87.2-உம் 97.2-உம்.

`g = -0.5` என்றால் ஒன்றோடொன்று சேர்த்து வாங்கும் நிரப்புப் பொருட்கள். அப்போது லாபமும் விலைப் போட்டியில்தான் அதிகம் (7200-க்கு எதிராக 7776). பதிலீட்டுப் பொருட்களில் லாபம் அளவுப் போட்டியில் அதிகம், நிரப்புப் பொருட்களில் விலைப் போட்டியில் அதிகம், நுகர்வோர் உபரியும் மொத்த நலனும் இரண்டிலும் விலைப் போட்டியிலேயே அதிகம்: 1984-இல் நிர்விகார் சிங்கும் ஸேவியர் விவெஸும் நேர்கோட்டுத் தேவை கொண்ட இரு நிறுவனச் சந்தைக்குக் காட்டிய முடிவு இதுதான்.

இந்த முடிவு எங்கே உடைகிறது

நிறுவனங்களின் எண்ணிக்கை இரண்டு என்று நாமே நிலையாக வைத்தோம். சந்தையில் நிற்க ஒவ்வொருவருக்கும் 1250 நிலைச் செலவு என்று வையுங்கள். அளவுப் போட்டியில் ஒருவர் லாபம் 1296, இருவரும் நிற்பார்கள். மொத்த நலன் `4536 - 2500 = 2036`. விலைப் போட்டியில் ஒருவர் லாபம் 1200 மட்டும். இருவரும் நிற்க முடியாது, ஒருவர் வெளியேறுவார். மீந்தவர் தனியுரிமையாளர்: அளவு 45, விலை 55, நுகர்வோர் உபரி 1012.5, செலவு போக லாபம் 775, மொத்த நலன் 1787.5. விலைப் போட்டி கடுமையாக இருந்ததாலேயே வாங்குபவர் 46-க்குப் பதில் 55 கொடுக்கிறார், இரண்டில் ஒரு பொருளும் அலமாரியிலிருந்து மறைந்துவிடுகிறது. நிலைச் செலவு 1200-க்கும் 1296-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் இதே கதைதான். 1200-க்குக் கீழே வந்தால் படி 5-இன் அட்டவணை மறுபடி செல்லும்.