ERR_TOO_MANY_REDIRECTS வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி நெருங்கினால் இந்த ஒரே பிழையோடு யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிழை பெரிய விஷயமில்லை. வருவதற்கு முன்னால் வீட்டிலேயோ ஆபீஸிலேயோ யாரோ ‘சரிசெய்து’ அனுப்பியிருப்பதுதான் தலைவலி. அப்படிச் செய்யும் தவறுகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பத்துத் தடவை ரீஃப்ரெஷ் செய்வது, மோடத்தை அணைத்துப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றால் நேரம்தான் போகும், வேறெதுவும் போகாது.

முதலில் நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு முகவரிக்குப் போனால், ‘இங்கே இல்லை, அங்கே போ’ என்று தளம் அனுப்புகிறது. அங்கே போனால் மறுபடி இங்கேயே அனுப்புகிறது. குரோம் இப்படி 20 தடவை வரை பொறுமையாகப் போய்ப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் முடியாது என்று நின்றுவிடும். ஃபயர்ஃபாக்ஸும் இயல்பாக 20-ல்தான் நிற்கும்.

எல்லாவற்றையும் அழிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது. குரோம் காட்டும் பிழைப் பக்கத்திலேயே "Try deleting your cookies" என்று ஒரு வரி இருக்கும். குக்கீ என்பது உங்களை அடையாளம் காண ஒரு தளம் உங்கள் பிரௌசரில் வைக்கும் சின்னக் குறிப்பு. எந்தத் தளத்தின் குக்கீ என்று அந்த வரி சொல்லாது. உடனே மெனுவுக்குப் போய், காலம் "All time" என்று வைத்து, கண்ணில் பட்ட கட்டத்தில் எல்லாம் டிக் அடித்து அழித்துவிடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர். கணக்குத் தாக்கல் செய்யும் தளம் ஒன்று மதியத்திலிருந்து இந்தப் பிழையைக் காட்டியிருக்கிறது. பக்கத்து மேசைத் தம்பி, "அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அழித்திருக்கிறான். குக்கீ, கேஷ், அதோடு "Passwords and other sign-in data" என்ற கட்டத்திலும் டிக். அந்தக் கம்ப்யூட்டரில் கூகுள் கணக்கோடு சிங்க் ஓடிக்கொண்டிருந்ததால், பாஸ்வேர்டுகள் அந்த மெஷினில் மட்டுமல்ல, கணக்கிலிருந்தே போய்விட்டன, அக்காவின் போனிலும் சேர்த்து. வங்கி, மெயில், பார்சல் கம்பெனி என்று எல்லாவற்றிலும் புதிதாக உள்ளே நுழைய வேண்டும். ஓடிபி எல்லாம் முதலாளியின் எண்ணுக்குத்தான் போகும். முதலாளி சரக்கோடு வடக்கே ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார், சிக்னல் வந்து வந்து போகிறது. "ஒரு பக்கம் தொறக்கலைனு வந்தேங்க, இப்ப ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது" என்றார் அந்த அக்கா. இதில் கொடுமை, இவ்வளவு அழித்தும் அந்தத் தளம் திறக்கவில்லை. கோளாறு தளத்தின் பக்கம்தான் இருந்தது. சாயங்காலம் அவர்களே சரிசெய்த பிறகு தானாகத் திறந்தது.

அழிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை போதும். திறந்திருக்கும் இன்காக்னிட்டோ ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு (ஒன்று திறந்திருந்தாலும் அதன் குக்கீயே புதியதிலும் தொடரும்) புதிதாக ஒன்றைத் திறந்து, தளத்தின் முகவரியைக் கையால் அடியுங்கள். லாகின் செய்த பிறகுதான் பிழை வருகிறது என்றால் இங்கேயும் லாகின் செய்தே பாருங்கள், முகப்புப் பக்கம் திறந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். இங்கே ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு உங்கள் பிரௌசரில் இருக்கிறது. பெரும்பாலும் பழைய குக்கீ, சில சமயம் ஏதாவது எக்ஸ்டென்ஷன். இங்கேயும் சுற்றினால், போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கேயும் அதே பிழையென்றால் உங்களிடம் அழிக்க ஒன்றுமில்லை, டீ குடித்துவிட்டு வரலாம்.

பாதி மட்டும் அழிப்பது

பழைய குக்கீ எப்படிச் சுற்ற வைக்கிறது? லாகின் பக்கம் உங்கள் குக்கீயைப் பார்க்கிறது. ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று நினைத்து உள்பக்கத்துக்கு அனுப்புகிறது. உள்பக்கம் அதே குக்கீயைச் சரிபார்க்கிறது, காலாவதியாகியிருக்கிறது, ‘போய் லாகின் செய்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்புகிறது. ஒரு அலுவலகத்தில் இரண்டு கவுன்டரும் நம்மை மாற்றி மாற்றி அனுப்புகிற மாதிரிதான்.

அந்தக் குக்கீயை மட்டும் எடுத்தால் போதும். குரோம் முகவரிப் பட்டையில் இதை அடியுங்கள்:

```
chrome://settings/content/all
```

தேடும் கட்டத்தில் தளத்தின் பெயரைப் போட்டு, வரும் வரிக்குப் பக்கத்திலிருக்கும் குப்பைத்தொட்டியை அழுத்த வேண்டும். அந்தத் தளத்திலிருந்து மட்டும் வெளியேறுவீர்கள், பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். அந்தத் தளம் பிரௌசரில் சேமித்து வைத்த பாதி நிரப்பிய படிவம் ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பாதியில் விடுகிறார்கள். பல தளங்களில் லாகின் வேறொரு முகவரியில் நடக்கும். உள்ளே ஒரு டொமைன், லாகினுக்கு இன்னொன்று. ஒன்றை மட்டும் அழித்தால் மற்றதில் இருக்கும் பழைய குக்கீ மறுபடி சுற்ற வைக்கும். பிழை வந்த நேரத்தில் முகவரிப் பட்டையில் எந்தப் பெயர் நிற்கிறது என்று பாருங்கள், நீங்கள் அடித்த பெயராக இல்லாவிட்டால் இரண்டையும் எடுங்கள்.

குக்கீயைத் தடுத்துவிட்டு குக்கீயை அழிப்பது

தளம் குக்கீ வைக்கிறது, பிரௌசர் ஏற்க மறுக்கிறது, தளம் மறுபடி வைக்கப் பார்க்கிறது. அழிப்பதற்கு அங்கே குக்கீயே இல்லை. தடையை எடுங்கள்.

புக்மார்க்கிலிருந்தே திறப்பது

லாகினுக்கு நடுவே சேமித்த நீளமான முகவரி. தூக்கிப் போடுங்கள்.

சொந்தத் தளத்தைச் சுற்ற விட்டுவிட்டு வாடிக்கையாளரைக் குறை சொல்வது

ஏற்காட்டில் காட்டேஜ் வைத்திருக்கும் ஒருவர், புக்கிங் பக்கம் திறக்கவில்லை என்று போன் செய்கிற எல்லோரிடமும் "குக்கீ கிளியர் பண்ணுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் ஒரே நாளில் குக்கீ கெட்டுப்போகாது. டெர்மினலில் இப்படிப் பார்த்தோம் (அவருடைய முகவரிக்குப் பதில் இங்கே வேறு போட்டிருக்கிறேன்):

```
curl -sIL --max-redirs 5 https://example.com/
```

வந்த பதிலில் திரும்பத் திரும்ப இந்த இரண்டு வரிகள்:

```
HTTP/2 301
location: https://example.com/
```

கேட்ட முகவரியும் போகச் சொல்கிற முகவரியும் ஒன்றே. curl எந்தக் குக்கீயும் இல்லாமல்தான் போகிறது, அதனால் இதில் வாடிக்கையாளரின் பிரௌசருக்குச் சம்பந்தமே கிடையாது. அவர் தன் தளத்தை, வாசகருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் கிளவுட்ஃப்ளேர் என்ற சேவை வழியாக விட்டு, SSL அமைப்பை Flexible என்று வைத்திருந்தார். அதில் வாசகரிடமிருந்து கிளவுட்ஃப்ளேர் வரைதான் https, அங்கிருந்து அவருடைய சர்வர் வரை வெறும் http. சர்வரோ http-யில் யார் வந்தாலும் https-க்குத் துரத்தும்படி அமைக்கப்பட்டிருந்தது. வாசகர் https-ல் வந்தாலும் சர்வரின் கண்ணுக்கு http-யாகவே தெரிகிறது, மறுபடி துரத்துகிறது. சர்வரில் சான்றிதழ் போட்டு, அமைப்பை Full (strict) என்று மாற்றினோம். சான்றிதழ் போடாமல் மாற்றினால் இந்தப் பிழை போய் வேறு பிழை வரும், வரிசை முக்கியம்.

அதற்குப் பிறகும் ஓரிருவருக்குச் சுற்றியது. 301 என்றால் நிரந்தர மாற்றம், அதைப் பிரௌசர் தன் கேஷில் நினைவு வைத்துக்கொண்டு சர்வரைக் கேட்காமலே போகலாம். அவர்களிடம் "Cached images and files" என்ற ஒரு கட்டத்தை மட்டும் டிக் அடித்து அழிக்கச் சொன்னோம், திறந்துவிட்டது. அதை அழித்தால் லாகினும் போகாது, பாஸ்வேர்டும் போகாது, தளங்கள் முதல் தடவை கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான்.