அவகேடோ பழம்தான், ஆனால் தட்டில் அதற்கு எண்ணெயின் இடம்

அவகேடோ பழமா, காய்கறியா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: பழம். ஆனால் அந்தப் பதிலை அப்படியே சமையலறைக்குள் கொண்டு போவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். "பழம்தானே" என்று நினைத்து மற்ற பழங்களைப் போலவே சாப்பிடுகிறார்கள், "நல்ல கொழுப்பு" என்று கேள்விப்பட்டு ஏற்கெனவே சாப்பிடுவதன் மேல் இதையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அப்புறம் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறார்கள்.

முதலில் பழம் என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். தாவரவியலில் பழம் என்றால் பூவின் சூலகம் வளர்ந்து, விதையைச் சுமந்து நிற்கும் உறுப்பு. இனிப்பா புளிப்பா என்பதற்கு அங்கே இடமே இல்லை. இந்தக் கணக்கில் கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணிக்காய் எல்லாமே பழங்கள்தான். காய்கறி என்பது சமையலறையில் பிறந்த பிரிவு, தாவரவியலில் அப்படி ஒரு வகையே கிடையாது. அவகேடோ இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பழம், அறிவியல் பெயர் பெர்சியா அமெரிக்கானா. பெரும்பாலான தாவரவியலாளர்கள் இதை ஒற்றை விதை கொண்ட பெர்ரி என்கிறார்கள். இவ்வளவு பெரிய கொட்டை இருக்கும்போது எப்படி பெர்ரி என்று தோன்றும். மாங்காயை நினைத்துப் பாருங்கள்: அதன் விதையைச் சுற்றி மரம் போல ஓர் ஓடு இருக்கிறது, அந்த ஓடு பழத்தின் உள் அடுக்கு. அவகேடோவில் அந்த உள் அடுக்கு கடினமாவதில்லை, மெல்லிய தோல் போலத்தான் இருக்கும். உள்ளே உருண்டையாக இருப்பது முழுக்க விதைதான், அதனால்தான் இது பெர்ரி.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு, அதே இடத்தில் ஒரு குழப்பமும் உண்டு. காய் என்ற சொல் பழுக்காத நிலையையும் குறிக்கும், சமைக்கும் பொருளையும் குறிக்கும். அதனால் "காயா பழமா" என்று கேட்கும்போது மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன: மரத்துக்கு அது என்ன, பழுத்துவிட்டதா, தட்டில் எங்கே வைப்பது. முதல் கேள்விக்குப் பழம் என்று சொல்லியாகிவிட்டது. மூன்றாவது கேள்விக்கு என்னுடைய பதில், எண்ணெயும் வெண்ணெயும் இருக்கும் இடத்தில். இதற்கு வெண்ணெய்ப்பழம் என்று பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்தவர் என்றுதான் சொல்வேன்.

ஏன் என்று பார்க்க 100 கிராம் சதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரை 1 கிராமைக்கூடத் தொடாது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் அதே எடைக்கு 12 கிராம் அளவுக்கு இருக்கும். மற்ற பழங்கள் சர்க்கரையைச் சேர்க்கும் இடத்தில் அவகேடோ எண்ணெயைச் சேர்க்கிறது: 100 கிராமில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு, 160 கலோரி. அந்த 15 கிராமில் 10 கிராம் போல ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம்தான். அந்த ஒற்றை நிறைவுறாக் கொழுப்பில் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம், அதாவது ஆலிவ் எண்ணெயில் முக்கியமாக இருக்கும் அதே கொழுப்பு.

இந்தக் கொழுப்பை நல்லது என்று ஏன் சொல்கிறார்கள்? "இதில் கொலஸ்ட்ரால் இல்லை" என்று பலர் காரணம் சொல்வார்கள். அது சரியான காரணம் இல்லை. தாவர உணவு எதிலுமே கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி இருக்காது, தேங்காய் எண்ணெயிலும் இல்லை, ஆனால் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏராளம். பார்க்க வேண்டியது கொழுப்பின் வகையை. நம் கல்லீரலின் மேற்பரப்பில், கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் அந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது, எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்குகிறது, நாளடைவில் ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. அந்த நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வந்தால் ஏற்பிகள் மறுபடி சுறுசுறுப்பாகி எல்.டி.எல். குறைகிறது. இதில் "இடத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒன்று போய் இன்னொன்று வர வேண்டும். பழையது இருந்த இடத்திலேயே இருக்க, புதியது கூடுதலாக வந்தால் கிடைக்கும் பலன் மிகவும் சிறியது.

ஒரு காலை உணவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் இரண்டு துண்டு ரொட்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், அதாவது 14 கிராம், தடவிச் சாப்பிடுகிறார். வெண்ணெயிலிருந்து மட்டும் 100 கலோரி, 7 கிராமுக்குச் சற்று மேல் நிறைவுற்ற கொழுப்பு. அவகேடோ நல்லது என்று கேள்விப்பட்டு வெண்ணெயை விட்டுவிட்டு அரைப் பழத்தை மசித்துத் தடவுகிறார் என்று வையுங்கள். நடுத்தரப் பழத்தில் பாதி என்றால் சதை 70 கிராம் இருக்கும்: 110 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 1.5 கிராம், கூடவே நார்ச்சத்து 4.5 கிராமுக்கு மேல். கலோரி கிட்டத்தட்ட மாறவில்லை, நிறைவுற்ற கொழுப்பு ஏழிலிருந்து ஒன்றரைக்கு வந்துவிட்டது. ஆனால் அதே ஆள் வழக்கம் போல வெண்ணெய் தடவி, அதன் மேல் அவகேடோவை அடுக்கினால் 210 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 8.5 கிராமையும் தாண்டும். குறைய வேண்டிய நிறைவுற்ற கொழுப்பு, அவகேடோ வந்த பிறகு குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஆய்வுகளிலும் இதே வித்தியாசம் தெரிகிறது. 2015-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், அதிக எடையுள்ள 45 பேருக்கு முழு உணவையும் ஆய்வாளர்களே கொடுத்து, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, தினம் ஓர் அவகேடோவும் தந்தார்கள். ஐந்து வாரத்தில் எல்.டி.எல். ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 13.5 மி.கி. குறைந்தது. அதே அளவு கொழுப்பை அவகேடோ இல்லாமல் வேறு எண்ணெய்களிலிருந்து கொடுத்தபோது 8.3 குறைந்தது. அந்தக் கூடுதல் பலனுக்குப் பழத்தின் நார்ச்சத்தும், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் தாவர ஸ்டெரால்களும் காரணமாக இருக்கலாம். 2022-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் ஆயிரம் பேரில் ஒரு பாதிக்கு 26 வாரம் தினம் ஓர் அவகேடோ கொடுத்து, மற்றபடி உங்கள் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எடை கூடவில்லை, அது நல்ல செய்தி. ஆனால் வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை, எல்.டி.எல். மற்றப் பாதியினரோடு ஒப்பிட்டால் 3 மி.கி. அளவுக்கும் குறைவாகத்தான் இறங்கியது. இரண்டு ஆய்வுகளுக்கும் அவகேடோ வணிக வாரியத்தின் பணம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்படியிருந்தும் இரண்டாவது ஆய்வு தன் ஏமாற்றமான முடிவை மறைக்கவில்லை.

அதே 2022-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 30 ஆண்டுகள் தொடர்ந்த தரவை வெளியிட்டார்கள். வெண்ணெய், சீஸ், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றில் தினம் அரைப் பங்குக்குப் பதில் அதே அளவு அவகேடோ வருவதாகக் கணக்கிட்டபோது இதய நோய் அபாயம் குறைவாகத் தெரிந்தது. ஆலிவ் எண்ணெய்க்கும் கொட்டைகளுக்கும் பதில் வருவதாகக் கணக்கிட்டபோது கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. இது மக்களின் பழக்கத்தைப் பார்த்துச் சொன்னது, அவகேடோதான் காரணம் என்று நிரூபித்தது ஆகாது. ஆனாலும், ஏற்கெனவே நல்ல எண்ணெயும் கொட்டைகளும் சாப்பிடுகிறவர் இந்தப் பழத்தைத் தேடிச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பழம் என்ற பெயரால் வரும் இன்னொரு தவறு மில்க் ஷேக். ஒரு முழுப் பழம், ஒரு டம்ளர் பால், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை என்று போட்டால் 500 கலோரியை நெருங்கிவிடும். பழத்தில் இனிப்பு இல்லாததால்தான் இவ்வளவு சர்க்கரை தேவைப்படுகிறது. காய்கறிகளோடு சேர்த்துச் சாப்பிடுவது இதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் கேரட், தக்காளி, கீரையில் உள்ள கரோட்டின் வகைச் சத்துகள் கொழுப்பில் கரைந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். ஒரு சோதனையில் சாலட்டோடு அவகேடோ சேர்த்தபோது பீட்டா கரோட்டின் உறிஞ்சப்பட்டது பல மடங்கு கூடியது. எண்ணெய் ஊற்றினாலும் இதே வேலை நடக்கும், அவகேடோ சேர்த்த சாலட்டுக்கு எண்ணெய் தனியாகத் தேவையில்லை.

வாங்கும்போது நடக்கும் தவறும் இந்தக் கொழுப்போடு சம்பந்தப்பட்டதுதான். அவகேடோ மரத்தில் தொங்கும்போது முற்றும், ஆனால் பழுக்காது. பறித்த பிறகுதான் மென்மையாகும். எண்ணெய் சேர்வது மரத்தில் இருக்கும் வரை மட்டும்: நாளாக ஆக நீர் குறைந்து எண்ணெய் கூடும். பிஞ்சாகப் பறித்துவிட்டால் வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் எண்ணெய் வராது. தோல் சுருங்கும், காம்புப் பக்கம் வதங்கும், சதை ரப்பர் போல இழுக்கும், வாயில் நீர்த்த சுவை. இப்படி ஒரு பழம் கிடைத்தால் நீங்கள் பழுக்கவைத்த முறையில் குறை இல்லை, பறித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். முற்றியது சில நாளில் உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினால் சீராக அமுங்கும், சதை வெண்ணெய் போல மசியும். ரகத்துக்கு ரகமும் கொழுப்பு மாறும். வழவழப்பான பச்சைத் தோலுள்ள பெரிய வெப்பமண்டல ரகங்களில் பெரும்பாலும் எண்ணெய் குறைவு, முரட்டுத் தோல் உள்ள ஹாஸ் ரகத்தில் அதிகம். மேலே சொன்ன கணக்கெல்லாம் ஹாஸ் போன்ற ரகத்துக்கு.

சிலர் இதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் பேச வேண்டும். 100 கிராமில் 480 மி.கி. அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அரைப் பழம்கூட அதிகமாகிவிடலாம். இயற்கை ரப்பர் கையுறை ஒவ்வாத சிலருக்கு அவகேடோவும் ஒவ்வாது: சாப்பிட்டதும் உதடும் நாக்கும் அரித்தால் உடனே நிறுத்துங்கள், மூச்சு வாங்கினாலோ தொண்டை அடைப்பது போல இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.