உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள்

அத்தையின் போனில் திரையின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு, இடுக்கு வழியாக வெளிச்சம் கசிந்தது. மூன்று வருடமாக டிவி ஸ்டாண்டில் சார்ஜரோடே கிடந்த போன் அது. பசை விட்டுவிட்டது என்று நினைத்து, இரவு முழுக்க இரண்டு தடித்த அகராதிகளுக்கு அடியில் வைத்திருந்தார். காலையில் படிந்திருந்த திரை, மதியத்துக்குள் மறுபடி எழுந்துவிட்டது.

பசையின் மேல் குற்றமே இல்லை. வயதாலும் சூட்டாலும், எப்போதும் முழு சார்ஜில் கிடப்பதாலும் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. போன் பேட்டரி ஒரு மூடிய பை; வாயு போக வழி இல்லாமல் பை உப்பி, திரையையோ பின்மூடியையோ தள்ளுகிறது. சந்தேகமாக இருந்தால் போனைக் கண்ணாடி மேசையில் வைத்துப் பாருங்கள். முதுகு உப்பியிருந்தால் தொட்டில் போல ஆடும்.

அமுக்கினால் என்ன ஆகும்? பைக்குள் செம்புத் தகடும் அலுமினியத் தகடும் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரு பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது ஒரு பிளாஸ்டிக் சவ்வு. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. அழுத்தத்தில் அது ஓரிடத்தில் கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு சூட்டைக் கூட்டிக்கொண்டே போய்ப் புகையும் தீயும் வரும். ரப்பர் பேண்ட் சுற்றுவதும், சூப்பர் குளூ வைத்து ஒட்டுவதும் இதே அமுக்கல்தான். ஊசியால் குத்தி வாயுவை விடலாம் என்பது இன்னும் மோசமான யோசனை. அந்த வாயு தீப்பற்றும், மூச்சுக்கும் ஆகாது.

சரி, என்ன செய்வது? சார்ஜரைப் பிடுங்கி, போனை அணைத்துவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: "போட்டோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று கடைசியாக ஒரு தடவை சார்ஜ் போடுவார்கள். போட்டோக்கள் பேட்டரியில் இல்லை. புதுப் பேட்டரி போட்ட பிறகும் அப்படியே இருக்கும். போனை மெத்தை, துணி, காகிதம் இவற்றிலிருந்து தள்ளி, வெயில் படாத டைல்ஸ் தரையிலோ மூடாத எவர்சில்வர் பாத்திரத்திலோ வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். சூடாகிக்கொண்டே போனாலோ, உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ, இனிப்பான கெமிக்கல் வாடை அடித்தாலோ போனைத் தொடாமல் விலகுங்கள். தீப்பிடித்துவிட்டால் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் சர்வீஸ் கடைக்கு நேரில் எடுத்துப் போங்கள். பேண்ட் பாக்கெட்டில் வேண்டாம், கூரியரிலும் வேண்டாம். பேட்டரி உப்பியிருப்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, குப்பை லாரியிலும் அது நசுங்கும். மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

அத்தையின் போனுக்குப் புதுப் பேட்டரி போட்டதும், திரை தானாகவே மட்டமாக உட்கார்ந்தது. ஓரத்தில் புதுப் பசை மட்டும் தடவிக் கொடுத்தார்கள்.