முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் பிக்கப்பும் மைலேஜும் என்ன ஆகும்?

முதலில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் பல்லை எண்ணுங்கள். என் 150 சிசி பைக்கில் முன்னால் 14, பின்னால் 42. 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3, அதாவது பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்ற வேண்டும். முன்னால் 13 போட்டால் அது 3.23 ஆகிறது. சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 7.7 சதவீதம் கூடும், ஆனால் அதே வேகத்தில் இன்ஜினும் அவ்வளவு கூடுதலாகச் சுற்றும். பின்னால் மாற்றி இதே பலனைப் பெற 45 பல் வேண்டும், செயினும் நீளம் போதாமல் போகலாம். அதனால் முன்னால் மாற்றுவதே சுலபம், செலவும் குறைவு.

கழற்றும்போது வரிசை முக்கியம். கவரைக் கழற்றி உள்ளே அப்பியிருக்கும் கிரீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டு, செயின் மேலே இருக்கும்போதே, இன்ஜினை ஆஃப் செய்து கியரில் போட்டு, ஒருவரைப் பின்பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஸ்ப்ராக்கெட் நட்டைத் தளர்த்துங்கள் (லாக் வாஷர் மடங்கியிருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள்). செயினை முதலில் எடுத்துவிட்டால் ஷாஃப்ட் கூடவே சுற்றும், நட்டு அசையாது. அப்புறம் பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னுக்குத் தள்ளி, செயினை இறக்கி, புதியதை மாட்டலாம். ஒரு பல் குறைந்ததால் சக்கரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும், இரண்டு பக்கக் கோடும் சமமாக இருக்கட்டும். செயின் தளர்வையும் நட்டு இறுக்கத்தையும் மேனுவலில் உள்ள அளவுக்கே வையுங்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது. அதில் புது ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாட்டினால் அதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

இனி மைலேஜ். நான் ஏமாந்தது இங்கேதான். முன்பு லிட்டருக்கு 43 கொடுத்த வண்டி, மாற்றியபின் 10 லிட்டருக்கு 440 கிலோமீட்டர் காட்டியது, அதாவது 44! பிக்கப்பும் கூடி மைலேஜுமா என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, முன்சக்கரத்தில் இல்லை. சக்கரம் குறைவாகச் சுற்றினாலும் மீட்டர் பழைய கணக்கிலேயே ஓடும். 440-ஐ 1.077-ஆல் வகுத்தால் 408 கிலோமீட்டர் சொச்சம், உண்மையான மைலேஜ் 41-க்கும் கொஞ்சம் கீழே. வேகமும் அப்படித்தான், மீட்டரில் 60 என்றால் நிஜத்தில் 56 கூட இல்லை. சென்சார் முன்சக்கரத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

அப்படியானால் முன்னால் 15 போட்டால் மைலேஜ் கூடுமா? சமதளத்தில் ஒரே சீராக ஓட்டினால் கொஞ்சம் கூடலாம். எதிர்காற்றிலோ ஏற்றத்திலோ டாப் கியர் திணறும், நீங்கள் கியரைக் குறைத்து த்ராட்டிலை முறுக்குவீர்கள், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். பெரிய பல் கவருக்குள் உரசுகிறதா என்று நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள், விரல் மட்டும் செயின் பக்கம் போகக்கூடாது.