நீண்ட விரிவுரையில் 'நீங்கள்': நான் விட்ட சில தவறுகள்

மாரி தொடங்குவதற்கு முன் திருகோணமலையில் ஓர் ஊர் மண்டபத்தில் டெங்கு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். 2017 இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு ஆடிய ஆட்டத்தைக் கண்ட சனம்தான் முன்னால் இருந்தது. பயம் காட்டித்தான் கவனத்தைப் பிடிக்க வேண்டும் என்ற நிலை இல்லை. ஆனாலும் இருபது நிமிடத்தில் பின்வரிசையில் போன் வெளிச்சம் தெரியத் தொடங்கியது. யாரோ பதிவு செய்து தந்ததை வீட்டில் கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது.

முதலாவது, 'நீங்கள்'. "நீங்கள் தண்ணீரைத் தேங்க விடுகிறீர்கள், நீங்கள் பழைய டயரைப் பின்வளவில் போடுகிறீர்கள், நீங்கள் தாங்கியை மூடுவதில்லை" என்று அடுக்கியிருக்கிறேன். 'விடுகிறீர்கள்' என்றாலே யாரைச் சொல்கிறேன் என்பது அந்த வினைமுற்றில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் 'நீங்கள்' போட்டால் விரலை நீட்டிப் பேசுவது போலாகிவிடும். தொடர்ந்து குற்றம் சாட்டப்படுகிறவர் நியாயம் தேடுவாரே தவிர, சொல்வதைக் கேட்கமாட்டார்.

இப்போது அந்தச் சொல்லைக் குறைசொல்லும் இடத்தில் வைப்பதில்லை, காட்சி காட்டும் இடத்தில் வைக்கிறேன். "உங்கள் கிணற்றடியில் ஒரு வாளி கிடக்கிறது. இரவு மழை பெய்கிறது. ஒரு கிழமை கழித்து எட்டிப் பார்க்கிறீர்கள்." பழி வாளியின் மேல் விழுகிறது, கண் கேட்பவருடையதாக இருக்கிறது. தவற்றைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் என்னையும் சேர்த்துக்கொள்வேன். இதில் எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் நாம் 'நாங்கள்' என்பதையே கேட்பவரைச் சேர்த்தும் சொல்வோம், விட்டும் சொல்வோம். மேடைத் தமிழில் 'நாங்கள்' என்றால் அதிகாரிகள் தங்களைச் சொல்கிறார்கள் என்று சனம் நினைத்துவிடலாம். 'நாங்கள் எல்லாரும்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது கேள்விகள். பதிவில் ஓரிடத்தில் "டெங்கு எப்படிப் பரவுகிறது? யார் காரணம்? என்ன செய்யலாம்?" என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறேன். மூன்றில் எதை நினைப்பது? அதைவிட மோசம், "ஏன்?" என்று கேட்டு மூச்சு விடாமல் "ஏன் என்றால்" என்று தொடர்ந்தது. யோசித்துப் பார்த்தால் 'ஏன் என்றால்' என்பதே 'ஏன் என்று கேட்டால்' என்பதன் சுருக்கம்தான். தமிழில் அந்தக் கேள்வி ஓர் இணைப்புச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. நடுவில் இடைவெளி விடாவிட்டால் நாம் கேட்டதும் அப்படியே தேய்ந்துபோகும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. அது பதில் எதிர்பார்த்துக் கேட்கும் கேள்விகளைப் பற்றியது. பதிலை நாமே சொல்லப்போகும் கேள்விக்கும் அதே அளவு வேண்டும் என்பது என் அனுபவம். மேடையில் மூன்று விநாடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடிப்பேன், கணக்குச் சரியாக வரும்.

எல்லாருக்கும் தெரிந்ததைக் கேட்டால் மௌனமும் உதவாது. "டெங்கு நுளம்பால் பரவுகிறதா?" என்பதற்கு யார் யோசிப்பார்? அடுத்த தடவை இப்படி மாற்றினேன்: "ஒரு தாங்கியில் இருந்த தண்ணீரை முழுக்க ஊற்றிவிட்டுக் காயவைத்தோம். பிறகு தண்ணீர் நிரப்பி, ஒரு நுளம்பும் நுழையாதபடி வலைத்துணியால் கட்டினோம். சில நாளில் உள்ளே புழு நெளிகிறது. எங்கிருந்து வந்தது?"

பதிலுக்குத் தேவையான துண்டுகள் கேட்பவர் கையில் இருக்கின்றன, ஒன்றுதான் குறைகிறது. டெங்கு நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். அதனால் ஊற்றினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த மாதிரிக் கேள்வி ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்தாறு இருந்தால் போதும். விஷயம் மாறும் இடங்களில் வைப்பேன்.

இன்னொன்று: '-ஆ' என்று முடியும் கேள்விக்கு எங்கள் சனம் பதில் சொல்லிவிடும். "உங்கள் வளவில் டயர் இருக்கிறதா?" என்று அழகுக்குக் கேட்டேன். முன்வரிசை அம்மா ஒருவர், "எங்கட வளவில இல்லத் தம்பி, பக்கத்து வீட்டில போய்ப் பாருங்கோ" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தார். அதைச் சமாளிக்கவே ஐந்து நிமிடம் போனது. பதில் வேண்டாமென்றால் 'எங்கிருந்து', 'எப்படி' என்று கேட்பது பாதுகாப்பு.

'விளங்குதா?' பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதிவில் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். எல்லாவற்றுக்கும் "ஓம்" வந்திருக்கிறது, விளங்காத இடத்திலும்.

தாங்கிக் கேள்வியை முதன்முதலாகக் கேட்ட நாளில் தண்ணீர் குடித்துவிட்டுப் போத்தலை மூடினேன். பின்வரிசையில் ஒரு பெடியன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகக் கேட்டான்: "சுவரிலயா இருந்திருக்கும்?"