கைடைப் பார்த்து எழுதாமல் ஒரு கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி? ஒரு மாணவியின் கதை வழியாக

மறுநாள் காட்ட வேண்டிய வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு கணக்குதான் பாக்கி. அந்த மாணவிக்குத் தூக்கம் கண்ணைச் சொக்குகிறது. பக்கத்திலேயே கைடு திறந்து கிடக்கிறது. வர்க்கப் பூர்த்தி முறையில் ஓர் இருபடிச் சமன்பாடு:

```
x² + 6x + 5 = 0
x² + 6x = −5
x² + 6x + 9 = −5 + 9
(x + 3)² = 4
x + 3 = ±2
x = −1, −5
```

ஆறு வரியையும் அப்படியே நோட்டில் எழுதி முடிக்கிறாள். எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. இனி அவள் செய்வதை நீங்களும் ஒரு தாளில் கூடவே செய்து பாருங்கள்.

படி 1: கைடை மூடிவிட்டு முதல் வரியிலிருந்து எழுதுங்கள்

இரண்டாவது வரி வரை அவளுக்கு வந்துவிடுகிறது. 5-ஐ வலப்பக்கம் கொண்டுபோனால் −5. மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. 9 எங்கிருந்து வந்தது? கைடு திறந்திருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் 9-ஐக் கண் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கை நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறாள். ஆறு வரியும் புரியவில்லை என்று அவள் நினைத்திருந்தால் பயந்துபோய்ப் படுத்திருப்பாள். புரியாதது ஒரே ஒரு எண்தான்.

ரொம்பவே களைப்பாக இருந்தால் கோட்டைப் போட்டுவிட்டு இதோடு படுத்துவிடலாம். காலையில் எங்கே தொடங்குவது என்று அந்தக் கோடே காட்டிவிடும்.

படி 2: நின்ற வரியைப் படமாக வரையுங்கள்

பக்கம் x உள்ள ஒரு சதுரம் வரைகிறாள். அதன் பரப்பு x². அடுத்து 6x. அது நீளம் x, அகலம் 6 உள்ள ஒரு பட்டை. அந்தப் பட்டையைச் சதுரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டினால் செவ்வகம்தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது சதுரம். அதனால் பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, அகலம் 3 உள்ள ஒரு துண்டை வலப்பக்கத்திலும் மற்றொன்றைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுகிறாள்.

இப்போது படம் கிட்டத்தட்ட ஒரு பெரிய சதுரம். பக்கம் x + 3. ஆனால் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் காலியாக இருக்கிறது. அதன் அளவு 3 × 3. அந்த 9 இதுதான்! மூலையை அடைத்ததும் சதுரம் பூர்த்தியாகிவிடுகிறது. அதனால்தான் இந்த முறைக்கே அந்தப் பெயர்.

படி 3: காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்

"6-இல் பாதி 3, அதன் வர்க்கம் 9. மூலையை அடைக்க இடப்பக்கம் 9 சேர்த்தேன். சமன்பாடு கெடாமல் இருக்க வலப்பக்கமும் 9 சேர்த்தேன்." இப்படிச் சொல்ல வந்தால் அந்த வரி அவளுடையது. "கைடில் அப்படித்தான் போட்டிருக்கு" என்று வந்தால் படத்துக்குத் திரும்ப வேண்டும்.

படி 4: எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

இதற்கு ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, இதே போன்ற சதுரப் படத்தை வைத்து விளக்கியது அது: x² + 10x = 39.

"9 சேர்க்கணும்" என்று மனப்பாடம் செய்தவர் இங்கும் 9 சேர்ப்பார். x² + 10x + 9 என்று வரும். அது எதன் வர்க்கமும் அல்ல, அடுத்த வரிக்குப் போகவே முடியாது. மாணவி பத்தில் பாதி 5, மூலை 25 என்கிறாள். இருபுறமும் 25 சேர்த்தால் (x + 5)² = 64. அதாவது x + 5 = ±8, x = 3 அல்லது −13. அல்-குவாரிஸ்மி 3-ஐ மட்டுமே விடையாகக் கொண்டார், ஏனென்றால் ஒரு சதுரத்தின் பக்கம் குறை எண்ணாக இருக்க முடியாது. நம் சமன்பாட்டுக்கோ இரண்டுமே தீர்வுதான். ± போட மறந்தால் ஒன்று காணாமல் போய்விடும்.

படி 5: விடையைச் சமன்பாட்டில் வைத்துச் சரிபாருங்கள்

3 வைத்தால் 9 + 30 = 39. −13 வைத்தால் 169 − 130 = 39. இரண்டும் சரி. இந்த ஒரு வேலைக்குக் கைடே தேவையில்லை.

கடைசியாக, அடுத்த பயிற்சியில் 2x² + 12x + 10 = 0 வருகிறது. 12-இல் பாதி 6 என்று ஆரம்பித்தவள், படத்தை நினைத்துப் பார்த்து நிறுத்துகிறாள். இங்கே இருப்பது இரண்டு x². ஒரே ஒரு சதுரம் இருந்தால்தான் பட்டைகளை ஒட்ட முடியும். எல்லா உறுப்புகளையும் 2-ஆல் வகுக்கிறாள். கிடைப்பது அவள் முதலில் போட்ட அதே x² + 6x + 5 = 0.