சலான் போட்டோவும் தொலைந்த பூஜ்யமும்

மாட்டுங்காவில் இருக்கும் அண்ணனின் ஆலோசனைத் தொழிலுக்கு வரிக் கணக்கேட்டை நான்தான் எழுதுகிறேன். 2024 செப்டம்பரில் அட்வான்ஸ் டாக்ஸ் தவணை ₹45,000-க்கு வங்கியில் செக் கொடுத்துவிட்டு, சலானை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினார். அதிலிருந்த 9-ஆம் தேதியையும் CRN எனும் சலான் குறிப்பு எண்ணையும் எக்செல்லில் பதிந்தேன்.

அடுத்த ஆண்டு ரிட்டர்ன் நிரப்பும்போதுதான் பிழை தெரிந்தது. அங்கே கேட்டது வங்கிக் கிளையைக் குறிக்கும் பிஎஸ்ஆர் கோடு, பணம் செலுத்திய தேதி, சலான் வரிசை எண், தொகை. போட்டோவில் இருந்ததோ பணம் கட்டும் முன் தயாரித்த படிவம். 9-ஆம் தேதி சலான் உருவான நாள், பணம் சேர்ந்தது 12-ஆம் தேதி. CRN படிவத்தின் எண் மட்டுமே, கட்டியதற்கான சான்று ஆகாது.

சரி என்று வருமான வரித் தளத்தில் e-Pay Tax பகுதியின் Payment History-இல் ரசீதைப் பதிவிறக்கினேன். அப்புறம் இன்னொரு சிக்கல். 00417 என்று தட்டிய வரிசை எண்ணை எக்செல் 417 ஆக்கியது. பிஎஸ்ஆர் கோடு 7 இலக்கம், அதன் முதல் பூஜ்யமும் இப்படித்தான் போகும். இரண்டு பத்திகளையும் முதலில் Text ஆக மாற்றிவிட்டுத் தட்டினேன்.

தேதியை இப்போது 12-செப்-2024 என மாதப் பெயருடன் எழுதுகிறேன். 12/09 என்றால் சில கணினிகளில் டிசம்பர் 9 ஆகிவிடுகிறது. போட்டோவில் 0, 8 மங்கினால் ஊகிக்காமல் ரசீதையே பார்க்கிறேன்.